பாம்புக்கடித் தாளின் தமிழ்: பள்ளிகளுக்கான முதலுதவிக் குறிப்புகளில் வரிசையும் அவசரமும்

மருத்துவத்தைத் தமிழில் சொல்லும் முயற்சி நமக்குப் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணிபுரிந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், உடற்கூற்று நூல் முதலாக ஆங்கில வைத்திய நூல்கள் பலவற்றைத் தமிழாக்கி, அவற்றைக் கொண்டு மாணாக்கர்க்குத் தமிழிலேயே போதித்தார். ஆயினும் அவர் எதிர்கொண்ட கஷ்டமும், இன்று பள்ளிக்கூடங்களுக்கென்று ஓர் அவசரகாலக் குறிப்பைத் தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் கஷ்டமும் ஒரே ஜாதியைச் சேர்ந்தவை அல்ல. பாடநூலைப் படிக்கும் மாணாக்கன், விளங்காத வாக்கியத்துக்கு மறுபடியும் திரும்பி வரலாம், அகராதியைப் புரட்டலாம், ஆசிரியரைக் கேட்கலாம். பள்ளித் தாழ்வாரத்தில் ஒரு குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருக்கும் ஆசிரியைக்கு அந்த அவகாசம் இல்லை. சுவரிலிருக்கும் தாளைப் பெரும்பாலும் வேறொருவர் உரக்க வாசிக்க, அவர் கேட்டுக்கொண்டே செய்கிறார். வாக்கியம் முடிவதற்குள் கை இயங்கத் தொடங்கிவிடுகிறது. ஆகவே இத்தகைய தாளின் தமிழைப் பரிசோதிப்பவர் கேட்க வேண்டிய முதற்கேள்வி, பொருள் சரியா என்பதன்று. எந்தச் சொல் எப்போது காதில் விழுகிறது என்பதே.

இதை விளக்குவதற்குப் பாம்புக்கடியை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்பது ஆய்வாளர் கணிப்பு. 2019 நவம்பரில் கேரளத்து வயநாட்டில், ஓர் அரசுப் பள்ளியின் வகுப்பறைக்குள்ளேயே பாம்பு கடித்து 10 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தபோது, அவளை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதில் தாமதம் நேர்ந்தது என்ற குறையே எங்கும் பேசப்பட்டது. தவிரவும், பாம்புக்கடியைப் பற்றி நம்மவர் மனத்தில் ஏற்கெனவே ஒரு வைத்தியம் குடியிருக்கிறது. கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறி இரத்தத்தை வடிப்பது, வாயால் உறிஞ்சுவது ஆகிய அந்தப் பழைய வழக்கங்களோடு போராடித்தான் புதிய தாள் தன் இடத்தைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. தாளில் ஒரு சொல் தெளிவற்று நின்றால், அந்த இடைவெளியைப் பழைய வழக்கமே நிரப்பிவிடும்.

வைத்திய விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். பாம்புக்கடிக்கு மருந்து விஷமுறிவு ஊசி ஒன்றே. அது மருத்துவமனையில்தான் உண்டு. இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்கின் விஷத்துக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுவதால், கடித்தது இவற்றில் எது என்று தெரிந்த பின்தான் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பதில்லை. எனவே பள்ளியில் செய்ய வேண்டியவை மிகச் சில: குழந்தையின் அச்சத்தைத் தணிப்பது, கடிபட்ட கை அல்லது காலை எலும்பு முறிந்ததைப் போல் பாவித்து அசையாமல் வைப்பது, மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பது, நேர்ந்ததை மருத்துவரிடம் சொல்வது. இந்திய மருத்துவ வழிகாட்டிகள் இந்நான்கையும் ஆங்கிலத்தில் ‘சரி’ என்று பொருள்படும் ஒரு சொல்லின் எழுத்துகளில் அடக்கித் தந்திருக்கின்றன. அந்தச் சாதுரியத்தைத் தமிழில் கொண்டு வருவதற்காகச் சிலர் எழுத்துகளைத் தேடி அலைவதுண்டு; அது வீண் வேலை என்பது என் அபிப்பிராயம். அந்த உழைப்பை வாக்கியங்களின் மேல் செலவிட்டால் பிரயோஜனம் உண்டு.

ஆங்கிலத் தாளை முன்னே வைத்துக்கொண்டு அகராதித் துணையோடு செய்யப்படும் மொழிபெயர்ப்பு எவ்வாறு அமையும் என்பதற்கு ஒரு மாதிரியை இங்கே எழுதிப் பார்க்கலாம்:

பாதிக்கப்பட்டவருக்கு ஆறுதல் அளிக்கவும்.
கடிபட்ட உறுப்பை அசையாதவாறு கட்டவும்.
கடிவாய்க்கு மேல் கயிற்றால் இறுக்கமாகக் கட்டக்கூடாது.
வீக்கம் தோன்றுவதற்கு முன் அணிகலன்களை அகற்றவும்.
அறிகுறிகள் இல்லாவிடினும் கூடிய விரைவில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும்.

இவ்வைந்து வாக்கியங்களிலும் இலக்கணப் பிழை இல்லை. மூலத்துக்கு மாறான பொருளும் இல்லை. தேர்வுத் தாளாயிருந்தால் முழு மதிப்பெண் கொடுத்துவிடலாம். ஆனால் இதை ஒருவர் வாசிக்க இன்னொருவர் கேட்டுச் செய்யும்போது, ஐந்து வாக்கியங்களுமே ஒவ்வொரு விதத்தில் தவறான காரியத்துக்கு வழி திறந்துவிடுகின்றன.

இரண்டாம் வாக்கியத்தைப் பாருங்கள். முறிந்த எலும்புக்குப் பத்தை வைத்துச் சுற்றுவதற்கும், புண்ணுக்குத் துணி சுற்றுவதற்கும், பாம்பு கடித்த காலில் கயிற்றை இறுக்குவதற்கும் தமிழில் ‘கட்டு’ என்ற ஒரே வினைதான். ‘அசையாதவாறு கட்டவும்’ என்று கேட்டவர், தம் பாட்டனார் காலத்திலிருந்து அறிந்த கட்டையே கட்டுவார். அதுவோ இரத்த ஓட்டத்தைத் தடுத்துக் காலை அழுகச் செய்யலாம். அவிழ்த்தவுடன் தேங்கிநின்ற விஷம் ஒரேயடியாக உடலுக்குள் பாய இடம் கொடுக்கலாம். அடுத்த வாக்கியம் இதைத் தடுக்கத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். அது அடுத்த வாக்கியம் என்பதே குறை: இரண்டாவதைக் கேட்டதும் கை கயிற்றைத் தேடப் போய்விட்டது. மேலும் அந்த மூன்றாம் வாக்கியத்தின் அமைப்பே நமக்கு விரோதமானது. ஆங்கிலத்தில் விலக்கு வாக்கியத்தின் தலையில் நிற்கிறது. கேட்பவர் முதற்சொல்லிலேயே ‘இது செய்யத்தகாதது’ என்று அறிந்துவிடுகிறார். தமிழிலோ வினை இறுதியில் வருவது போலவே மறுப்பும் வினையின் வாலில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘கடிவாய்க்கு மேல் கயிற்றால் இறுக்கமாகக் கட்ட’ என்பது வரையில் கேட்டவருக்கு, இடம், கருவி, முறை, செயல் ஆகிய எல்லாம் ஒரு சிகிச்சையின் விவரணமாகவே காதில் விழுகின்றன. கடைசியில் ‘கூடாது’ என்னும் சொல் பிள்ளைகளின் கூச்சலில் அமுங்கிப்போனால், தாள் தான் தடுக்க வந்ததையே கற்றுக்கொடுத்ததாகும்.

இதற்குப் பரிகாரம் உண்டு. ‘கட்டு’ என்னும் வினையைத் தாளிலிருந்தே நீக்கிவிட்டு, கருவியைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். வகுப்பறை தோறும் கரும்பலகைக்கு அருகில் ஒரு மீட்டர் மர அளவுகோல் இருக்கிறது; ஆசிரியையிடம் துப்பட்டாவோ, பிள்ளைகளிடம் பள்ளிக் கழுத்துப்பட்டையோ இருக்கிறது. அளவுகோலைக் காலோடு சேர்த்து வைத்துத் துணியால் தளர்வாகச் சுற்றச் சொல்லி, துணிக்கும் காலுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும் என்றும் சொல்லிவிட்டால், ‘தளர்வு’ என்பதற்கு அளவும் கிடைத்துவிடுகிறது. விலக்குகளை எண்ணிட்ட செயல்களின் நடுவே கலக்காமல் தனியே பிரித்து, ‘இவை வேண்டாம்’ என்ற சொற்களை முதலில் நிறுத்தி, அதன்பின் கயிறு, கத்தி, பனிக்கட்டி என்று அடுக்கினால், தமிழிலும் மறுப்பு முதலிலேயே காதில் விழும். தாள் வருவதற்கு முன்பே யாரேனும் கயிற்றை இறுக்கியிருந்தால், அதை அங்கேயே அவிழ்க்க வேண்டாம், மருத்துவரே அவிழ்க்கட்டும் என்பதும் அந்த விலக்குப் பட்டியலில் இடம்பெற வேண்டிய விஷயம்.

வரிசைப் பிசகு நான்காம் வாக்கியத்தில் இன்னும் நுட்பமாக மறைந்திருக்கிறது. ‘வீக்கம் தோன்றுவதற்கு முன்’ என்று தொடங்கும்போது, பின்னால் நிகழப்போவது முன்னாலும், முதலில் செய்ய வேண்டியது பின்னாலும் வந்துவிடுகின்றன. கேட்பவர் கண் முதலில் வீக்கத்தைத் தேடுகிறது. அது காணப்படாவிட்டால் கொலுசைக் கழற்றும் அவசரமும் தோன்றுவதில்லை. மின்சாரம் தாக்கிய குழந்தையைப் பற்றிய தாள்களில் இதே அமைப்பு உயிருக்கே உலை வைக்கும். ‘குழந்தையைத் தொடுவதற்கு முன் மின்சாரத்தை நிறுத்துங்கள்’ என்பதில் முதலில் கேட்பது குழந்தையும் தொடுதலும். ‘மின்சாரத்தை நிறுத்திய பிறகே குழந்தையைத் தொடுங்கள்’ என்று எழுதினால் சொல்லின் வரிசையும் கையின் வரிசையும் ஒன்றாகிவிடுகின்றன. உண்மையில் தமிழ் இந்தக் காரியத்துக்கு இயல்பிலேயே ஏற்ற மொழி. ‘கழற்றி, வைத்து, சுற்றி’ என்று நம் வினையெச்சங்கள் நிகழும் கிரமத்திலேயே அடுக்கப்படுகின்றன. ஆங்கிலத்தின் ‘முன்’ என்னும் கட்டமைப்பை அப்படியே பின்பற்றப் போய்த்தான் அந்த நன்மையை நாம் இழக்கிறோம். ஆனால் எச்சங்கள் மூன்றுக்கு மேற்போனால் கேட்பவர் முதலாவதை மறந்துவிடுவார் என்ற எல்லையும் உண்டு.

கொலுசைப் பற்றி மூலத்திலேயே ஒரு குறை இருப்பதையும் இவ்விடத்தில் சொல்ல வேண்டும். அணிகளைக் கழற்றுதல், காலை அசையாமல் வைப்பதற்குப் பின்னால், ஒரு பின்குறிப்பைப் போல வரும் தாள்கள் உண்டு. அந்த வரிசைப்படி செய்த ஆசிரியை, அளவுகோலை வைத்துத் துணியைச் சுற்றி முடித்தபின், கொலுசு உள்ளே அகப்பட்டுக்கொண்டிருப்பதைக் கண்டு எல்லாவற்றையும் அவிழ்க்க நேரும். அசையாமல் இருக்க வேண்டிய கால் இரண்டு தரம் அசையும். மொழிபெயர்ப்பவருக்கு மூலத்தின் வரிசையை மாற்றும் அதிகாரம் இல்லை என்று வாதிப்போர் இருக்கலாம். அதிகாரம் இல்லையெனில், மூலத்தைத் தயாரித்த மருத்துவரிடம் எழுதிக் கேட்டு மாற்றும் கடமையாவது இருக்கிறது. பிழையை விசுவாசமாகத் தமிழாக்கித் தருவது விசுவாசம் ஆகாது.

இனி அவசரச் சொற்கள். ஐந்தாம் வாக்கியத்தின் ‘கூடிய விரைவில்’ என்ற தொடர், நம் அலுவலகக் கடிதங்களில் நெடுங்காலம் உழன்று, ‘வசதிப்படும்போது’ என்ற பொருளையே இப்போது தருகிறது. ‘விரைவில்’ என்பதோ, வரவிருக்கும் திரைப்படத்துக்குரிய சொல். ‘உடனடியாக’ என்பது, புள்ளிவிவரம் அனுப்புவது முதல் கழிவறை சுத்தம் வரை பள்ளிக்கு வரும் சுற்றறிக்கை யாவற்றிலும் இருந்து இருந்து தேய்ந்துபோயிற்று. ‘உடனே’ இன்னும் உயிரோடிருக்கிறது. ஆனால் தாளின் ஒவ்வொரு வரியிலும் அதைப் போட்டால் அதுவும் செத்துப்போகும். ஒரு தாளுக்கு ஓரிடம் என்று வைத்துக்கொள்வது நலம். ‘மருத்துவ ஆலோசனை பெறுவது நல்லது’ என்பது போன்ற உபசார வாக்கியங்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். நல்லது என்றால், செய்யாவிட்டாலும் பாதகமில்லை என்றே தமிழர் காது பொருள் கொள்ளும்.

அவசரத்தைச் சொல்வதற்கு மிகச் சிறந்த வழி, தாமதம் எந்த ரூபத்தில் வரும் என்பதைச் சொல்லிவிடுவதே என்று எனக்குத் தோன்றுகிறது. பள்ளியில் தாமதம் சோம்பலால் வருவதில்லை. பெற்றோருக்குத் தகவல் சொல்லி அவர்கள் வந்து சேரட்டும் என்று காத்திருப்பது ஒன்று. தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போயிருக்கிறார், அனுமதி வரட்டும் என்பது மற்றொன்று. குழந்தை நன்றாகத்தானே பேசுகிறது, பார்ப்போம் என்பது மூன்றாவது. இம்மூன்றாவதே மிகவும் அபாயகரமானது. கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் அநேகமாக இருப்பதில்லை. பல்தடம்கூடக் கண்ணுக்குப் புலப்படாமல் போகலாம். சில மணி நேரம் கழித்து இமைகள் சரியத் தொடங்கும், விழுங்க முடியாமற்போகும், பிறகு மூச்சே தடைப்படும். ‘தூக்கம் தூக்கமாய் வருகிறது, டீச்சர்’ என்று குழந்தை சொல்வதைக் களைப்பென்று எண்ணித் தூங்க வைத்துவிடுவோரும் உண்டு. ஆகையால் ‘அறிகுறிகள்’ என்று நிபந்தனையோடு ஒரு வாக்கியத்தைத் தொடங்குவதே ஆபத்து. எவ்வளவுதான் ‘இல்லாவிடினும்’ என்று முடித்தாலும், மனம் அறிகுறிக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொள்கிறது. ‘பெற்றோர் வரும்வரை காத்திருக்க வேண்டாம்’ என்று எழுதினால் மறுப்பு இறுதியில் வருகிறதே என்று கேட்பவருக்கு, இங்கேயும் ‘காத்திருக்க வேண்டாம்’ என்பதை முன்னே நிறுத்திப் பின்னே மூன்றையும் அடுக்கலாம் என்பதே விடை.

அவசரம் யாருக்கு என்பதும் தெளிவாக வேண்டும். அவசரம் பெரியவர்களுக்கு, குழந்தைக்கோ அசையாமை. ‘விரைந்து அழைத்துச் செல்லவும்’ என்றால், கையைப் பிடித்து வேகமாக நடத்திக்கொண்டு போவதே தமிழில் அதன் இயல்பான பொருள். தசைகள் இயங்க இயங்க விஷம் விரைவாகப் பரவும். ஆகவே அங்கே ‘தூக்கிச் செல்லுங்கள்’ என்றே வர வேண்டும். அவ்வாறே ‘ஆறுதல் அளிக்கவும்’ என்பது துக்க வீட்டு வாசனையுள்ள தொடர்; என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அது சொல்லவில்லை. ஆசிரியை சொல்ல வேண்டிய வார்த்தையையே பேச்சுத் தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டால் காரியம் சுலபம். 108 ஊர்தியை அழைப்பதோ எண்ணிட்ட வரிசையில் எந்த எண்ணுக்கும் கட்டுப்படாதது. மற்றவை நடக்கும்போதே அதுவும் நடக்க வேண்டுமாதலால், வேலையை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுப்பதே வழி.

இவ்வளவையும் கருத்தில் கொண்டு எழுதினால் தாள் ஏறத்தாழ இவ்வாறு அமையும்:

இருவர் வேண்டும். ஒருவர் 108-ஐ உடனே அழையுங்கள். மற்றவர் குழந்தையோடு இருங்கள்.

குழந்தையோடு இருப்பவர்:
1. குழந்தையைத் தூக்கி, பாம்பை விட்டு விலகி வந்து, படுக்க வையுங்கள்.
2. “பயப்படாதே கண்ணு, ஆஸ்பத்திரியில மருந்து இருக்கு. காலை ஆட்டாம படுத்துக்கோ” என்று சொல்லுங்கள்.
3. கொலுசு, வளையல், மோதிரம், காலணி, காலுறை எல்லாவற்றையும் கழற்றுங்கள்.
4. நீளமான மர அளவுகோலைக் கடிபட்ட காலோடு சேர்த்து வைத்து, துணியால் தளர்வாகச் சுற்றுங்கள். துணிக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும்.
5. படுத்தபடியே தூக்கி வண்டியில் ஏற்றுங்கள்.
6. கடித்த நேரத்தை எழுதி மருத்துவரிடம் கொடுங்கள்.

காத்திருக்க வேண்டாம்: பெற்றோர் வருகைக்கு, அனுமதிக்கு, வீக்கத்துக்கு.
இவை வேண்டாம்: கயிறு, கத்தி, பனிக்கட்டி, வாயால் உறிஞ்சுதல், பாம்பைத் தேடுதல், ஏற்கெனவே இறுக்கிய கயிற்றை அவிழ்த்தல் (மருத்துவரே அவிழ்க்கட்டும்).

இத்தாளும் பரிசோதிக்கப்பட வேண்டியதே. மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க வழக்கமாகக் கையாளப்படும் முறை, மூலத்தைக் காணாத ஒருவரைக் கொண்டு தமிழை மறுபடியும் ஆங்கிலமாக்கி, இரண்டு ஆங்கிலங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. பொருட்பிழையைக் கண்டுபிடிக்க அது நல்ல முறைதான். ஆனால் வரிசைப் பிழையை அது பிடிக்காது. ‘தொடுவதற்கு முன் மின்சாரத்தை நிறுத்துங்கள்’ என்பதை ஆங்கிலமாக்குபவர், அம்மொழியின் வழக்கப்படி நிறுத்துதலை முன்னுக்குக் கொண்டுவந்துவிடுவார். மூலத்தோடு அது அட்சரம் பிசகாமல் பொருந்தும். தமிழில் இருந்த குற்றம் ஆங்கிலத்துக்குத் திரும்பும் வழியில் தானே கழுவப்பட்டுவிடும். ‘கட்டு’ என்பதன் கதியும் அதுவே.

எனவே இரண்டு சோதனைகள் கூடுதலாக வேண்டும். முதலாவது, ஒவ்வொரு வாக்கியத்தையும் பாதியில் நிறுத்திப் பார்ப்பது: அதுவரை கேட்டதை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் செய்யக்கூடியது தீங்கானதாயின், அந்த வாக்கியத்தைத் திருப்பி எழுத வேண்டும். மாதிரியின் மூன்றாம் வாக்கியம் இதில் தோற்கிறது. ‘இவை வேண்டாம்’ என்று தொடங்கும் வரி எங்கே நின்றாலும் தோற்பதில்லை. இரண்டாவது, ஒத்திகை. தாளை முன்பு கண்டிராத ஓர் உடற்பயிற்சி ஆசிரியர், அலுவலக உதவியாளர், சத்துணவு சமைப்பவர் ஆகியோரைத் தனித்தனியே அழைத்து, ஒரு பெரியவரைப் படுக்க வைத்து, தாளை ஒரு தரம் மட்டும் உரக்க வாசித்துவிட்டு, அவர்கள் கையைக் கவனிக்க வேண்டும். புரிந்ததா என்று கேட்பதில் பயன் இல்லை. எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். நான் பார்த்த ஓர் ஒத்திகையில், ‘அசையாதவாறு கட்டவும்’ என்று வாசிக்கக் கேட்ட ஒருவர், ஒரு கணமும் தயங்காமல் தம் துண்டைச் சுருட்டிப் படுத்திருந்தவரின் முழங்காலுக்கு மேல் இறுக்கினார். இறுக்கிக்கொண்டே, “இது எனக்குத் தெரியுங்க, ஊர்ல பாத்திருக்கேன்” என்றார். அவரைக் குறைகூற என்ன இருக்கிறது? தாள் சொன்னதைத்தான் அவர் செய்தார். கை தயங்கும் இடம், கண் தாளுக்குத் திரும்பும் இடம், ‘எதை?’ என்று வாய் கேட்கும் இடம் ஆகிய மூன்றையும் ஓரத்தில் குறித்துக்கொண்டால், திருத்த வேண்டிய சொற்கள் எவை என்பது தானே தெரிந்துவிடும். மறுமுறை திருத்திய தாளை, முன்பு வந்தவர்களிடம் அல்லாமல் புதியவர்களிடம் வாசித்துப் பார்க்க வேண்டும்.

மொழிபெயர்ப்பவரால் நிரப்ப முடியாத ஒரு வரி தாளின் அடியில் இருக்கிறது: விஷமுறிவு மருந்து வைத்திருக்கும் மிக அருகிலுள்ள மருத்துவமனையின் பெயரும் தொலைபேசி எண்ணும். அருகில் இருக்கும் மருத்துவமனை வேறு, மருந்து இருக்கும் மருத்துவமனை வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அலைவதில் போகும் நேரத்தைச் சொற்களால் மீட்க இயலாது. ஆகவே தலைமையாசிரியர்களைக் கேட்டுக்கொள்வது இதுதான்: தாளைச் சுவரில் ஒட்டுவதற்கு முன்னால் அந்த மருத்துவமனைக்குத் தாங்களே தொலைபேசியில் பேசி, மருந்து இருப்பில் இருக்கிறதா என்று கேட்டு, அந்த வரியைத் தங்கள் கையாலேயே எழுதிவிடுங்கள், ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் மறுபடி ஒரு தரம் கேளுங்கள்.